இரண்டடிக்குள் ஐந்திலக்கணம்

எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என ஐந்து பெயர்களையும் ஒரு மூச்சில் ஒப்பிக்காத உயர்நிலைப் பள்ளி மாணவன் இல்லை. அவ்வைந்தும் தமக்குள் எவ்வாறு தொடர்புடையன என்று வினவினால் வாய் திறக்கும் மாணவனும் அரியன். எழுத்திலக்கணத்தை ஆறாம் வகுப்பிலும் சொல்லிலக்கணத்தை அதற்கு மேலும் துண்டு துண்டாகப் படித்து, திணைப் பட்டியலை நெட்டுருச் செய்து, அணிகளின் பெயரைத் தேர்வுக்கு முந்தின நாள் புரட்டிப் பார்த்து, அசை பிரிக்கும் வினாவை 'விருப்ப வினா' என்று விட்டுவிட்டு வெளியேறுகின்றான். தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் தமிழ்க் கற்றல் சட்டம் 2006ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் இயற்றப்பட்டுவிட்டது. சட்டம் மாணவனைத் தமிழ் வகுப்பில் அமர்த்தும். இலக்கணத்தை அவனுக்கு விளங்க வைக்கும் பொறுப்பு சட்டத்தினுடையது அன்று.

நெய்வேலி போன்ற நகரியங்களில் இக்குறை இன்னும் தெளிவாகத் தெரியும். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய நாள்தொட்டுப் பல மாநிலத்தாரும் பல மொழியினரும் வந்து குடியேறிய ஊர் அது. அங்கே தமிழ் வகுப்பில் அமரும் பிள்ளைகளுள் வீட்டில் தமிழ் பேசாதாரும் உளர். தமிழே பேசும் வீட்டில் பிறந்தும் 'இலக்கணம் நமக்கு வராது' என்று ஒதுங்குவாரும் உளர். முன்னவர்க்கு உள்ள இடர்ப்பாடு இயல்பானது. பின்னவர்க்கு உள்ளதோ ஆக்கிக் கொண்டது. ஐந்திலக்கணத்தை ஐந்து பூட்டிய அறைகளாக அவர்களுக்குக் காட்டியதன் விளைவு அது.

அது ஐந்து அறைகள் அன்று; ஒரே பாட்டை ஐந்து முறை நோக்குவது. இதனை நூற்பாக்களால் நாட்டுவதைக் காட்டிலும் ஒரு சிறு பாட்டால் காட்டுதல் எளிது. சுரங்கத்திற்கு இரவுப் பணிக்குச் சென்ற ஒருவனையும், அவன் வீட்டில் எரியும் விளக்கையும் பற்றிய குறள் வெண்பா ஒன்று இதன்பொருட்டே ஈண்டு இயற்றப்பெற்றுள்ளது:

நாட்டுக் கொளியீய நள்ளிரவில் சென்றவற்கு
வீட்டில் விழிக்கும் விளக்கு.

நாட்டுக்கு ஒளி கொடுப்பதற்காக நள்ளிரவிலே சென்றவன்பொருட்டு வீட்டில் விளக்கு விழித்திருக்கின்றது என்பது இதன் நேர்ப்பொருள். ஏழே சீர்கள். ஐந்திலக்கணமும் இவ்வேழனுள் அடங்கும்.

எழுத்தில் தொடங்குக. ஆனால் பாட்டிற்குள் நுழையுமுன், அவ்வூர் மாணவன் நாள்தோறும் காணும் 'நிலக்கரி' என்னும் சொல்லையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதனை 'நிலகரி' என்று எழுதும் பிள்ளைகள் பலர். 'ஒற்று விட்டாய்' என்று சிவப்பு மையால் ஒரு சுழி சுழித்துவிட்டால் அது திருந்திவிடாது. ஏன் அங்கு ஒற்று வந்தது என்று தெரிய வேண்டும். நிலம் என்பதும் கரி என்பதும் சேர்கின்றன. நிலத்தின்கண் உள்ள கரி என்று விரித்தால் இடையில் வேற்றுமை உருபு மறைந்திருப்பது தெரிகின்றது. அவ்வாறு மறைந்த இவ்விடத்தில் நிலம் என்பதன் இறுதி மகரம் கெட்டு, வரும் ககரத்தின் மெய் மிகுந்தது. இனி, அதே நிலம் என்னும் சொல்லின் முன் 'கரிந்தது' என்னும் வினையை நிறுத்திப் பார்க்க. நிலம் தான் எழுவாய். இடையில் மறைந்த உருபு ஏதும் இல்லை. அப்பொழுது மகரம் கெடாது. ககரத்திற்கு இனமான ஙகரமாகத் திரிந்து 'நிலங்கரிந்தது' என்றாகும். க் வந்தால் நிலத்துள் கிடக்கும் கரி; ங் வந்தால் கரிந்துபோன நிலம். ஓர் ஒற்றைத் தவற விட்டவன் ஓர் எழுத்தை மட்டும் விடவில்லை. அவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள உறவையே விட்டுவிட்டான். புணர்ச்சி என்று இலக்கண நூலார் பெயரிட்டதும் அவ்வுறவைத்தான்.

பாட்டின் முதலடியில் இருப்பது 'நாட்டுக்கு ஒளி ஈய' என்பது. நாட்டுக்கு என்பதன் இறுதியில் நிற்கும் உகரம் தன் அளவில் குறைந்து ஒலிப்பது; ஆகலின் அது குற்றியலுகரம். உயிர் முதலாகிய சொல் பின்னே வந்தால் அவ்வுகரம் தான் ஊர்ந்த மெய்யை விட்டுவிட்டு ஓடிவிடும். எஞ்சிய ககர மெய்யின்மேல் 'ஒளி' என்பதன் ஒகரம் ஏறிக் 'கொளி' என்றாகும். 'ஒளி' என்பதும் 'ஈய' என்பதும் இரண்டுயிர் எதிரெதிர் நிற்கும் இடம். அங்கே யகரம் இடையில் வந்து இரண்டையும் உடம்படுத்தும். 'நள்' என்பதன் முன் 'இரவு' வந்தபொழுது, தனிக்குறிலை அடுத்த ளகர ஒற்று இரட்டித்து 'நள்ளிரவு' ஆயிற்று. இம்மூன்றும் ஒலிக்கும் வாய்க்கு எளிமை தேடி இயல்பாக அமைந்தவை. தமிழ் பேசும் எந்தத் தாயும் நூற்பா அறியாமலே இவற்றைச் செய்கின்றாள்.

பிள்ளைகளுக்கு எளிமையாக்குவதாக எண்ணிப் பாடல்களைப் புணர்ச்சி பிரித்து அச்சிடும் வழக்கம் ஒன்று உண்டு. படித்துப் பொருள் அறிவதற்கு அது துணையாகலாம். அப்படியே அசை பிரிக்கச் சொன்னால் என்ன நேரும் என்பதை யாப்பில் காண்போம். இப்பொழுது அதனை மறவாதிருத்தல் போதும்.

சொல்லுக்கு வருக. பெயர் எது, வினை எது, எந்த வேற்றுமை, எந்த எச்சம் என்று அடையாளம் ஒட்டுவதோடு சொல்லிலக்கணம் முடிந்துவிட்டதாக மாணவர் எண்ணுகின்றனர். அடையாளம் ஒட்டுவதற்கு முன் அத்தொடர் முடிந்ததா என்று பார்க்க வேண்டும். இப்பாட்டில் முடிக்கும் வினை எது? 'ஈய' என்பது எச்சம். மற்றொரு வினையை எதிர்நோக்கி நிற்பது. அது நோக்கும் வினை 'சென்றவற்கு' என்பதற்குள் இருக்கின்றது. ஆனால் அச்சொல் முழுமையாக வினை அன்று. சென்ற செயலைக் குறித்துப் பின் அச்செயலைச் செய்தவனையே குறிக்கும் பெயராகி, நான்காம் வேற்றுமை உருபும் ஏற்றுக்கொண்டது. வினையாலணையும் பெயர் என்பது இதுதான். உருபு ஏற்கின்றதா என்று பார்த்தால் போதும். முற்றுவினை உருபு ஏற்காது, வினையாலணையும் பெயர் ஏற்கும். அந்த 'கு' உருபும் முதலடியில் இருமுறை வந்து இருவேறு பொருள் தந்தது. 'நாட்டுக்கு' என்பதில் கொடையைப் பெறுவது நாடு. 'சென்றவற்கு' என்பதில் கொடை ஏதும் இல்லை. அவன்பொருட்டு என்பதே அங்குப் பொருள்.

எஞ்சியது 'விழிக்கும்' ஒன்றே. மாணவரை இடறி வீழ்த்தும் இடம் இதுவே. 'விழிக்கும் விளக்கு' என்று கண்டவுடன், செய்யும் என்னும் வாய்பாட்டில் வந்து பெயரைத் தழுவியது, ஆகலின் பெயரெச்சம் என்று எழுதிவிடுவர். அப்படிக் கொண்டால் 'விழிக்கின்ற விளக்கு' என்று ஒரு பெயர்தான் கையில் இருக்கும், அவ்விளக்கு என்ன ஆயிற்று என்று வினா எஞ்சும், தொடர் முடியாது. செய்யும் என்னும் அவ்வாய்பாடு முற்றாகவும் வரும். ஈண்டு அது முற்று. 'விளக்கு விழிக்கும்' என்பதே முன்பின் மாறி நிற்கின்றது. ஐயம் நீங்கவில்லையாயின் 'வீட்டில் விழித்த விளக்கு' என்று மாற்றிப் பார்க்க. ஓசை சிறிதும் கெடவில்லை. எதுகை மோனையும் அப்படியே உள்ளன. ஆனால் பாட்டுப் பாதியில் நின்றுவிட்டது. 'விழித்த' என்பது எச்சமே அன்றி முற்றாக வாராது. யாப்புப் பிழையற்ற ஒரு பாட்டுச் சொல்லிலக்கணத்தில் பிழைபடலாம் என்பது இதனால் விளங்கும்.

செய்யும் என்னும் முற்றுக்கு ஓர் எல்லையும் உண்டு. தன்மைக்கும் முன்னிலைக்கும் அது வாராது. படர்க்கையிலும் பலர்பாலுக்கு வாராது. 'அவர்கள் விழிக்கும்' என்று எவரும் எழுதுவதில்லை. விளக்கு ஒன்றன்பால் ஆகலின் ஈண்டு அது பொருந்திற்று.

அடுத்தது பொருள். ஐந்தனுள் மாணவர்க்கு மிகத் தொலைவாகத் தோன்றுவதும், உண்மையில் மிக அணுக்கமாக இருப்பதும் இதுவே. திணைப் பட்டியல் ஒன்றைக் கட்டங்கட்டிக் கொடுத்து, குறிஞ்சிக்கு மலை, யாமம், முருகன், புணர்தல் என்றும், முல்லைக்குக் காடு, மாலை, மாயோன், இருத்தல் என்றும் எழுதச் சொல்லிப் பொருளிலக்கணம் முடிந்ததாகக் கைகழுவுகின்றோர் பலர். அப்பட்டியலோடு இப்பாட்டிற்கு வந்த மாணவன் என்ன சொல்வான்? 'நள்ளிரவு' என்னும் சொல் அவன் கண்ணில் படும். யாமம் குறிஞ்சிக்கு உரிய சிறுபொழுது. ஆகவே இது குறிஞ்சித் திணை என்று எழுதி வைப்பான். பட்டியல் பிழையன்று, அவன் அதனைக் கையாண்ட முறையே பிழை.

திணையை முடிவு செய்வது நிலமும் அன்று, பொழுதும் அன்று, உரிப்பொருள். காதலர் தம்முள் கூடுவதா, பிரிவதா, வரவை எண்ணிப் பொறுத்து இருப்பதா, ஏங்கி இரங்குவதா, ஊடுவதா என்னும் அவ்வுள்ளநிலையே திணை. உரிப்பொருள் அல்லாத ஏனையவை ஒன்றோடொன்று மயங்கவும் பெறும் என்று தொல்காப்பியரே இடந்தந்துள்ளார். ஆகலின் காடும் மாலையும் கார்ப்பருவமும் இல்லாத இப்பாட்டில் வீட்டில் ஒருத்தி வரவு நோக்கி விழித்திருக்கின்றாள் என்பது ஒன்றே போதும், இதனை முல்லை என்று துணிவதற்கு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வேந்தன் பாசறையினின்று மீளும் தலைவனை நோக்கி இருந்தவளும், இன்று சுரங்கத்தினின்று விடியற்காலையில் மீளும் கணவனை நோக்கி இருப்பவளும் இருக்கும் உள்ளநிலை ஒன்றே. திணை என்பது பழங்கதை என்று சொல்வார் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முல்லை என்று எவ்வாறு உறுதி செய்வது? ஒரு சொல்லை மாற்றினால் தெரிந்துவிடும். 'விழிக்கும்' என்பதனை நீக்கி 'அழுங்கும்' என்று வைக்க. 'வீட்டில் அழுங்கும் விளக்கு' என்றாகும். அழுங்குதல் வருந்தி இரங்குதல். ஓசை அணுவளவும் கெடவில்லை, சொற்றொடரும் முடிந்துள்ளது, முதலடியில் ஓரெழுத்தும் மாறவில்லை. ஆனால் திணை மாறிவிட்டது. பொறுத்து இருந்தவள் இரங்குபவள் ஆகிவிட்டாள்; முல்லை நெய்தல் ஆயிற்று. கடலும் இல்லை, உப்பங்கழியும் இல்லை. இரங்கல் ஒன்று வந்தது, நெய்தல் வந்துவிட்டது. இனி, இரண்டாம் அடியே இல்லாமல் நாட்டுக்கு ஒளி தேடும் அவனது உழைப்பின் மிகுதியையே பாட்டு முழுதும் பாடியிருந்தால் அது அகமே ஆகாது. தத்தம் தொழிலில் ஒருவர் பெறும் மேம்பாட்டைக் கூறும் வாகையின்பாற்பட்டுப் புறமாகியிருக்கும். 'வீட்டில்' என்னும் ஒரு சொல் அதனை அகத்திற்கு அழைத்து வந்தது.

அகத்திற்கு மற்றோர் அடையாளமும் உண்டு. ஐந்திணை அகப்பாட்டில் தலைவன் பெயர் சுட்டப்படுதல் கூடாது. சென்றவன் யார், எந்த வட்டத்தில் குடியிருப்பவன், சுரங்கத்தில் என்ன பணி என்று ஒன்றும் பாட்டில் இல்லை. 'சென்றவன்' என்ற அளவோடு நின்றது. பெயரைச் சொன்னால் அது அவன் ஒருவனுடைய செய்தி. சொல்லாது விட்டமையால் அந்நகரியத்தில் இரவுப் பணிக்குச் செல்வோர் அனைவர் வீட்டு விளக்கும் இப்பாட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் இதனைக் கூறுபவர் யார் என்பதைப் பாட்டு வெளிப்படுத்தவில்லை. தலைவி தானே கூறியதாகவும் கொள்ளலாம், தோழி கூறியதாகவும் கொள்ளலாம். இரண்டடிக்குள் அவ்வளவே இடம். தேர்வில் 'கூற்று யாது' என்று வினவினால் இரண்டனையும் கரணியத்தோடு எழுதிய மாணவனுக்கு மதிப்பெண் குறைத்தல் முறையாகாது.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தி கூறுதல் தகும். இலக்கணம் ஐந்து என்னும் எண்ணிக்கை தொல்காப்பியத்தில் இல்லை. எழுத்து, சொல், பொருள் என மூன்றே பகுப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒன்பது இயல், ஆக 27. யாப்பு அங்கே செய்யுளியலாகவும், அணி உவமவியலாகவும் பொருளின் உள்ளேயே அடங்கி நிற்கின்றன. பின்னர் இறையனார் அகப்பொருளுக்கு எழுந்த உரையில் ஒரு கதை கூறப்படுகின்றது. பாண்டி நாட்டில் நெடும்பஞ்சம் நீங்கியபின் அரசன் புலவரைத் தேடுவித்தான். எழுத்திலும் சொல்லிலும் யாப்பிலும் வல்லார் கிடைத்தனர். பொருளில் வல்லார் ஒருவரும் கிடைத்திலர். எழுத்தையும் சொல்லையும் ஆராய்வது பொருளின்பொருட்டன்றோ என்று அவன் கவன்றான் என்பது கதை. கதை எவ்வாறாயினும் அதனுள் இரண்டு செய்திகள் உள. அவ்வுரை எழுந்த காலத்திலேயே யாப்புத் தனியாக எண்ணப்பட்டுவிட்டது என்பது ஒன்று; மற்றவை யாவும் பொருளை நோக்கியே நிற்கின்றன என்பது மற்றொன்று.

ஐந்தும் ஒருசேர ஒரே நூலில் இன்று நமக்குக் கிடைப்பது 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியத்தில்தான். அந்நூலோ புணர்ச்சியைச் 'சந்தி' என்றும் அணியை 'அலங்காரம்' என்றும் வடசொல்லால் வழங்கித் தமிழை வடமொழி இலக்கணச் சட்டத்துக்குள் திணிக்க முயன்றது. இதனைச் சுட்டி, ஐந்திலக்கணமே வடவர் தந்தது என்று கூறுவாரும் உளர். தந்தது எண்ணிக்கையன்றிப் பொருளன்று. அகம், புறம் என்னும் பொருட்பகுப்புக்கு ஒப்பானதொன்று வடமொழி இலக்கணத்தில் யாண்டும் இல்லை. நேர், நிரை என்னும் அசைகளால் அமைந்த யாப்பும் வடமொழி யாப்பினின்று வேறானது. அணியில் மட்டும் வடநூல் வழி மிகுதி என்பதை மறைக்க வேண்டுவதில்லை. தண்டியலங்காரம் காவியாதர்சம் என்னும் வடநூலை அடியொற்றியதே. உள்ளதை உள்ளவாறு கூறுதல் தமிழுக்கு இழுக்கன்று.

யாப்புக்கு வருவோம். மாணவர் அஞ்சும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. குறிலோ நெடிலோ தனித்து வந்தாலும், ஒற்றோடு சேர்ந்து வந்தாலும் நேர். குறிலை அடுத்து மற்றொரு குறிலோ நெடிலோ இணைந்து வந்தால் நிரை. அதனோடு ஒற்றுச் சேர்ந்தாலும் நிரையே. அசை பிரிப்பதற்கு இவ்வளவே கருவி. வெண்பாவுக்குத் தளையும் மூன்றே சொற்களில் அடங்கும்: மாச்சீரின் முன் நிரை வர வேண்டும், விளச்சீரின் முன் நேர் வர வேண்டும், காய்ச்சீரின் முன்னும் நேர் வர வேண்டும்.

பாட்டில் இதனைப் பொருத்துக. 'நாட்டுக்' என்பது நாட், டுக் என இரண்டு நேர், தேமா. மாவின் முன் நிரை வர வேண்டும். 'கொளியீய' என்பதன் முதலசை கொளி. இரண்டு குறில், நிரை. பொருந்திற்று. கொளி, யீ, ய என்பது நிரை நேர் நேர், புளிமாங்காய். காயின் முன் நேர் வேண்டும், 'நள்ளிரவில்' நள் எனத் தொடங்குகின்றது, நேர். நள், ளிர, வில் என்பது கூவிளங்காய். அடுத்த 'சென்றவற்கு' சென் என நேரில் தொடங்கி, அதுவும் கூவிளங்காய் ஆயிற்று. இரண்டாம் அடி 'வீட்டில்' நேரில் தொடங்கித் தேமா; 'விழிக்கும்' நிரையில் தொடங்கிப் புளிமா; 'விளக்கு' நிரையில் தொடங்கிக் குற்றியலுகரத்தில் முடிந்து பிறப்பு என்னும் வாய்பாடு. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கனுள் ஒன்றால் முடிய வேண்டும் என்பது நிறைவேறிற்று. ஓரிடத்தும் தளை தட்டவில்லை.

முன்னே மறவாதிருக்கச் சொன்ன செய்தி இப்பொழுது பயன்படும். முதலடியைப் புணர்ச்சி பிரித்து 'நாட்டுக்கு ஒளியீய' என்று அச்சிட்டுக் கொடுத்து அசை பிரிக்கச் சொல்க. நாட், டுக், கு என மூன்று நேர், தேமாங்காய். காயின் முன் நேர் வர வேண்டிய இடத்தில் 'ஒளி' என நிரை நிற்கின்றது. காய் முன் நிரை கலித்தளை, வெண்பாவுள் புகக்கூடாதது. பாட்டுக் கெட்டது! பாட்டைக் கெடுத்தவன் பாவலன் அல்லன், பிரித்து அச்சிட்டவன். மாணவனோ தன் கணக்கில் பிழை என்று எண்ணி மீண்டும் மீண்டும் அசை பிரித்துச் சோர்ந்து, யாப்புத் தனக்கு வராது என்று முடிவு செய்கின்றான். எழுத்திலக்கணத்தில் குற்றியலுகரம் மெய்விட்டோடும் என்று அவன் படித்தது ஆறு திங்களுக்கு முன். அதுதான் இதற்குத் திறவுகோல் என்று எவரும் சொல்லவில்லை. வெண்பாவில் தளை தட்டுவதாகத் தோன்றினால் முதலில் ஐயுற வேண்டியது புணர்ச்சியையே. உயிரெழுத்தில் தொடங்கும் சீர் இடையில் தனித்து நிற்கின்றதா, அதன் முன் குற்றியலுகரம் உள்ளதா என்று பார்த்தால் பத்தில் பெரும்பாலானவை விளங்கிவிடும்.

சொல்லும் யாப்பும் கைகோக்கும் இடமும் இதில் உண்டு. இக்காலத்தார் எழுதுமாறு 'சென்றவனுக்கு' என்று வைத்தால் சென், றவ, னுக், கு என நான்கு அசை வரும். வெண்பாவில் நாலசைச்சீர்க்கு இடமில்லை. 'சென்றவற்கு' என்னும் வடிவில் 'உ' என்னும் சாரியை இன்றி உருபு நேரே சேர்ந்தமையால் னகரம் றகரமாகத் திரிந்தது. ஓர் அசையும் குறைந்தது. பழைய வடிவம் பகட்டுக்காக வரவில்லை.

தொடையில் நாட்டு, வீட்டு என இரண்டாம் எழுத்து ஒன்றி எதுகை அமைந்தது. முதலெழுத்து இரண்டும் நெடில். நாட்டு, நள்ளிரவு என முதற்சீரும் மூன்றாஞ்சீரும் மோனை கொண்டன. இரண்டாம் அடியில் மூன்று சீரும் மோனையே. சற்று முன் 'அழுங்கும்' என்று மாற்றியபொழுது தளை கெடவில்லை என்றாலும் இம்மோனையின் நடுக்கண்ணி அறுந்துவிட்டதைக் காதுள்ளவர் உணர்வர்.

அணியைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. தண்டியலங்காரம் பொருளணியை 35 என வகுத்தது. பள்ளி மாணவன் முப்பத்தைந்தையும் சுமக்க வேண்டா. விளக்கு எரிகின்றது, அது இயற்கை. அதற்கு விழிப்பு ஏது, காத்திருப்பு ஏது? இயல்பாக நிகழும் ஒன்றன்மேல் பாவலன் தன் குறிப்பை ஏற்றினான். ஆகலின் தற்குறிப்பேற்ற அணி. இதனை உவமை என்று எழுதும் மாணவன், 'போல' என்னும் உருபோ, ஒப்பிடப்படும் இரண்டு பொருளோ பாட்டில் உளவா என்று தேடினாலே தன் பிழையை அறிவான். விளக்கின் விழிப்பு எனக் கூறியது, கூறாது விடப்பட்ட மனைவியின் விழிப்பை அறிவிக்கின்றது. அவள் பாட்டில் ஒரு சொல்லாலும் குறிக்கப்படவில்லை. அணியை நீக்கிவிட்டால் அவளும் நீங்கிவிடுவாள், முல்லையும் நீங்கிவிடும். பொருளுக்கு வெளியே பூசப்பட்ட பூச்சு அன்று அணி என்பதும், தொல்காப்பியர் உவமவியலைப் பொருளுக்குள்ளேயே வைத்தமைக்குக் கரணியமும் இதனால் விளங்கும்.

வகுப்பில் இதனை நடத்தும் ஆசிரியர் இறுதியாக ஒன்று செய்து பார்க்கலாம். 'ஒளியீய' என்பதற்கு மாற்றாக 'ஒளிதர' என்று வைக்கச் சொல்லி, பாட்டு நிற்குமா என்று வினவுக. கொளி, தர என்பது நிரை நிரை, கருவிளம். விளத்தின் முன் நேர். நள்ளிரவு நேரில் தொடங்குகின்றது. தளை தட்டவில்லை, ஆகவே நிற்கும் என்று வகுப்பு முழுதும் கூறும். அப்பொழுது கிளவியாக்கத்தை எடுத்துக் காட்டுக. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை எனத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான். ஆனால் அவனுக்குக் கொடுத்தான். நாடு படர்க்கை. இன்றைய வழக்கில் இவ்வேறுபாடு மயங்கிவிட்டதாகலின் 'ஒளிதர' என்று எழுதிய மாணவனைப் பிழை செய்தவன் என்று தள்ளிவிட இயலாது. ஆயினும் 'சென்றவன்' என்னும் செலவுச் சொல்லைப் படர்க்கைக்கு ஏற்ப ஆண்ட பாட்டில், அதற்கு இரண்டு சீர் முன்னே தரவுச் சொல்லை வைக்கலாமா என்று அவ்வகுப்பே வழக்காடி முடிவு செய்யட்டும்.